போட்டோவிலிருந்து க்வில்லிங் முகம்: ஒட்டுவதற்கு முன்னால் வரும் கேள்விகள்

ஸ்ட்ரிப் என்னும் மெல்லிய காகிதப் பட்டைகளைச் சுருட்டியும் வளைத்தும் ஒட்டி உருவம் செய்வதுதான் க்வில்லிங். கும்பகோணத்தில் வீட்டிலேயே அதைச் செய்கிறேன். ஜிமிக்கியில் தொடங்கி இப்போது முகங்களில் நிற்கிறேன். முகம் செய்ய ஆரம்பிப்பவர்கள் என்னிடம் கேட்பவை பெரும்பாலும் ஒட்டும் வேலையைப் பற்றியவை அல்ல, அதற்கு முன்னால் உட்கார்ந்து யோசிக்க வேண்டியவை. பொதுவாகச் சொன்னால் பிடிபடாது என்பதால், எங்கள் அப்பாயி படம் ஒன்றையே உதாரணமாக வைத்துப் பதில் சொல்கிறேன். தாத்தாவின் சதாபிஷேகத்துக்குத் திருக்கடையூர் போகுமுன் முடித்தாக வேண்டும் என்று A3 அளவில் செய்த படம் அது. கறுத்த முகம், நரைத்த தலை, வெற்றிலைச் சிவப்பேறிய உதடு, இரண்டு பக்கமும் மூக்குத்தி.

அக்கா, எந்த போட்டோவாக இருந்தாலும் செய்யலாமா?

முடியாது. ஒரு பக்கத்திலிருந்து வெளிச்சம் விழுந்த படம் வேண்டும். ஃபிளாஷ் போட்டு நேருக்கு நேர் எடுத்த பாஸ்போர்ட் படத்தில் கன்னமும் மூக்கும் ஒரே நிறமாக வெளுத்துக் கிடக்கும். காகிதத்தால் காட்டுவதற்கு அதில் நிழலே இருக்காது. அப்பாயி படம் திண்ணையில் எடுத்தது. தெருப்பக்கம் அவருக்கு இடது கை. அந்தக் கன்னம் வெளிச்சத்தில், மற்றக் கன்னம் நிழலில், நடுவில் மூக்கு இரண்டையும் பிரித்துக்கொண்டு நிற்கிறது. இதைவிட நல்ல படம் கிடைக்காது.

கல்யாண குரூப் போட்டோவிலிருந்து ஒரு முகத்தைப் பெரிதாக்கித் தருபவர்கள் உண்டு. கண் இமை ஓரம் எங்கே முடிகிறது என்று திரையில் தெரியவில்லையென்றால் நான் வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். தெரியாததை நாமே ஊகித்துச் செய்தால் அது வேறு யாரோ ஆகிவிடும். பல் தெரியச் சிரிக்கும் படமும் கஷ்டம். பல்லைத் தனித்தனியாகப் பிரித்து ஒட்டினால் சீப்பு மாதிரி இருக்கும். செய்தே ஆகவேண்டுமென்றால் பற்களைப் பிரிக்காமல், வளைந்த வெள்ளைப் பட்டைகள் நாலைந்தை நெருக்கமாக ஒன்றாக வையுங்கள்.

போட்டோவை வரைபடமாக மாற்ற என்ன செய்யணும்? எனக்கு வரையத் தெரியாது.

வரையத் தேவையில்லை, நிழல்களைப் பிரித்தால் போதும். நான் கம்ப்யூட்டரில் GIMP வைத்திருக்கிறேன், காசில்லாமல் கிடைக்கும். படத்தைத் திறந்து முதலில் Colors > Desaturate > Desaturate கொடுத்துக் கறுப்பு வெள்ளை ஆக்குங்கள். பிறகு Filters > Blur > Gaussian Blur கொஞ்சமாக. தோலின் புள்ளிகளும் சின்னச் சின்னக் கோடுகளும் கரையட்டும். கடைசியில் Colors > Posterize, அதில் 5 என்று வையுங்கள். முகம் ஐந்து தட்டை நிறங்களாகப் பிரிந்து, வயல்வரப்பு போலத் தெளிவான எல்லைகளோடு நிற்கும். அதுதான் உங்கள் வரைபடம்.

கறுப்பு வெள்ளையாக்காமல் நேராக Posterize கொடுக்காதீர்கள். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் அது தனித்தனியாக வெட்டும். கன்னத்தில் பச்சைத் திட்டு வந்து உங்களைக் குழப்பும்.

இதை A3 அளவில் இரண்டு பிரதி எடுங்கள். ஒன்று ஐந்து நிறங்களுக்கும் எண் எழுதி வைத்துக்கொள்ள, இன்னொன்று போர்டில் ஒட்ட. போர்டில் ஒட்டுவது ஜெராக்ஸ் அல்லது லேசர் பிரிண்டாக இருக்கட்டும். இங்க்ஜெட் பிரிண்டில் பசையின் ஈரம் பட்டால் மை கசிந்து ஸ்ட்ரிப்பின் அடியில் ஏறும்.

கடையில் 'ஸ்கின் கலர்' என்று ஒரு பாக்கெட் தருகிறார்களே, அதை வாங்கினால் போதாதா?

நானும் வாங்கினேன். அப்பாயியின் முதல் படம் முழுக்க அந்த வெளிர் ரோஜா நிறத்தில்தான் செய்தேன். பத்து நாள் வேலை. சித்தப்பா வந்து பார்த்துவிட்டு, "இது எந்த ஊர்ப் பாட்டி?" என்றார். அதைப் பிரித்துப் போட்டுவிட்டுத்தான் மறுபடி ஆரம்பித்தேன்.

நம் ஊர் முகங்களுக்கு அந்தப் பாக்கெட் பொருந்தாது என்பது ஒரு பாதி. மறுபாதி, ஒரே நிறத்தால் எந்த முகத்தையும் செய்ய முடியாது. முகத்தை அடையாளம் காட்டுவது நிறத்தைவிட வெளிச்சமும் நிழலும்தான். பச்சையிலும் நீலத்திலும் செய்தால்கூட ஐந்து அடுக்கு வெளுப்பும் கறுப்பும் சரியாக இருந்தால் அப்பாயி அப்பாயிதான்.

அவருக்கு நான் எடுத்த ஐந்தும் இவை. மிக அடர்த்தியானது காபிக் கொட்டை நிறம்: மூக்குத் துவாரம், மேல் இமைக்கு அடியில், தாடைக்குக் கீழே கழுத்தில். அடுத்து சாக்லேட் நிறம்: நிழல் பக்கக் கன்னம், கண்குழி, மூக்கின் நிழல் பக்கம். மூன்றாவது செங்கல் பழுப்பு, முகத்தில் பாதிக்கு மேல் இதுதான். நான்காவது இளம் பழுப்பு: வெளிச்சப் பக்கக் கன்னம், நெற்றி. ஐந்தாவது சந்தன நிறம்: மூக்குத் தண்டில் ஒரு கோடு, கன்னமேட்டில் நாலைந்து துண்டு, கீழுதட்டில் ஒன்று. அவ்வளவுதான் சந்தனம். பாக்கெட்டில் நிறைய இருக்கிறதே என்று அள்ளி வைத்தால் முகத்தில் பவுடர் அப்பியது போல் ஆகும்.

கறுப்பை முகத்துக்குள் நான் சேர்ப்பதில்லை, கண்ணின் பாப்பாவைத் தவிர. காபி நிறமே குத்திட்டு நிற்கும்போது கறுப்பாகத்தான் தெரியும்.

பாக்கெட்டில் பார்த்த நிறம் ஒட்டினதும் வேற மாதிரி தெரியுதே, ஏன்?

இந்த வேலையின் சூட்சுமம் முழுவதும் இதில்தான். முகத்துக்கு ஸ்ட்ரிப்பை நாம் படுக்கவைத்து ஒட்டுவதில்லை, விளிம்பில் நிறுத்தி ஒட்டுகிறோம். நேரே நின்று பார்க்கிறவர் கண்ணுக்குத் தெரிவது காகிதத்தின் மெல்லிய விளிம்பும், இரண்டு பட்டைகளுக்கு நடுவே இருக்கும் இடுக்கும். இடுக்கில் நிழல் விழும். அதனால் எந்த நிறமும் பாக்கெட்டில் இருப்பதைவிட ஏறக்குறைய ஒரு படி அடர்த்தியாகத்தான் தெரியும்.

அதனால் பாக்கெட்டை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஐந்து நிறத்திலும் மூன்று செ.மீ. சதுரம் ஒவ்வொன்று, ஒரு மி.மீ. இடைவெளி விட்டு நிறுத்தி ஒட்டிப் பாருங்கள். ஐந்தையும் வரிசையாக வைத்து, போனில் கறுப்பு வெள்ளையில் படம் எடுங்கள். ஐந்தும் படிக்கட்டு போல ஒவ்வொன்றாக வெளுத்துக்கொண்டு வர வேண்டும். எனக்கு முதலில் சாக்லேட்டும் செங்கல்லும் போனில் ஒரே சாம்பலாகத் தெரிந்தன. கண்ணுக்கு ஒன்று சிவப்பு, ஒன்று பழுப்பு. வெளிச்சத்தில் இரண்டும் ஒன்றுதான். செங்கல்லை மாற்றிச் சற்று வெளுத்ததை எடுத்த பிறகுதான் மூக்கு கன்னத்திலிருந்து பிரிந்து எழுந்தது.

இன்னொரு சோதனையும் உண்டு, அரை நிமிஷ வேலை. ஸ்ட்ரிப்பைக் கிழித்துப் பாருங்கள். கிழிந்த இடத்தில் உள்ளே வெள்ளையாக இருந்தால் அது மேலே மட்டும் நிறம் ஏற்றிய காகிதம். ஜிமிக்கிக்கு அது ஓடும், முகத்துக்கு ஓடாது. நமக்குத் தெரியப்போவதே அந்த விளிம்புதான், முகம் முழுக்க வெள்ளைக் கோடு விழும். உள்ளேயும் அதே நிறம் இருக்கிற காகிதமாக வாங்குங்கள். வேண்டிய பழுப்பு ஸ்ட்ரிப்பாகக் கிடைக்காவிட்டால், அப்படி ஊறிய நிறமுள்ள 120 ஜிஎஸ்எம் கலர் பேப்பரை ஷீட்டாக வாங்கி, இரும்பு ஸ்கேலும் கட்டரும் வைத்து 5 மி.மீ. அகலத்தில் நீங்களே வெட்டிக்கொள்ளலாம்.

இடுக்கில் போர்டு வெள்ளையாகத் தெரியுது. நெருக்கி ஒட்டினால் ஸ்ட்ரிப் தீர்ந்துபோகுது. என்ன செய்ய?

நெருக்காதீர்கள், அடியை மாற்றுங்கள். முகத்தின் உருவத்தை அடர்பழுப்பு அட்டையில் வெட்டி முதலில் போர்டில் ஒட்டிவிடுங்கள். தலைக்குக் கறுப்பு அட்டை, புடவைக்கு அரக்குச் சிவப்பு. அதற்கு மேல் ஸ்ட்ரிப் நின்றால் இடுக்கில் எட்டிப் பார்ப்பதும் தோல் நிறமாகவே இருக்கும். வெள்ளை போர்டின் மேல் செய்த கறுத்த முகம் எப்போதும் சாம்பல் பூத்தது போல இருக்கும். எத்தனை நல்ல பழுப்பு வாங்கினாலும் அது போகாது.

ஆனால் அட்டை மூடியபின் அடியிலுள்ள ஜெராக்ஸ் கோடு தெரியாதே என்று கேட்பீர்கள். எண் எழுதிய பிரதியின் பின்பக்கம் முழுக்கப் பென்சில் அல்லது வெள்ளை சாக்பீஸ் தேய்த்து, அட்டை மேல் வைத்து, கோடுகளின் மேல் மை தீர்ந்த பேனாவால் அழுத்தி வரையுங்கள். அடர்பழுப்பில் சாக்பீஸ்தான் தெரியும். கார்பன் பேப்பர் வேண்டாம், அதன் கறை கைக்கும் ஸ்ட்ரிப்புக்கும் வரும்.

ஸ்ட்ரிப் எவ்வளவு தேவைப்படும்னு முன்கூட்டியே கணக்குப் போட முடியுமா?

முடியும். ஒரு மி.மீ. இடைவெளியில் நிறுத்தினால் ஒரு சதுர செ.மீ. இடத்துக்குப் பத்து செ.மீ. ஸ்ட்ரிப் ஆகும். அப்பாயி முகம் நெற்றியிலிருந்து தாடை வரை 20 செ.மீ., அகலம் 14. முட்டை வடிவம் என்பதால் பரப்பு சுமார் 220 சதுர செ.மீ. ஆக 22 மீட்டர். என்னிடம் இருக்கும் ஸ்ட்ரிப் ஒன்று 45 செ.மீ. நீளம், சுமார் 50 ஸ்ட்ரிப். நிழல் பக்கம் நெருக்கமாக வருவதாலும், வெட்டி எறிவது நிறைய என்பதாலும் இரண்டு மடங்கு எடுத்து வைத்தேன், நூறு. அது சரியாக இருந்தது. இது முகத்துக்கு மட்டும். தலைமுடிக்கும் புடவைக்கும் தனி.

ஒரே நிறத்தை ஒரே தடவையில் வாங்கிவிடுங்கள். அடுத்த மாதம் அதே பெயரில் வாங்கும் பாக்கெட் ஒரு சாயல் தள்ளி இருக்கும், கன்னத்தின் நடுவில் ஒட்டு தெரியும்.

முகம் முழுக்க சுருள் சுருளாக வைத்து நிரப்பலாமா? எந்த ஷேப் எங்கே?

தோலுக்குச் சுருள் வேண்டாம் என்பது என் கட்சி. கன்னத்தில் லூஸ் காயில், அதாவது சுற்றித் தளரவிட்ட சுருள், நிரப்பினால் அருகில் பார்க்க அழகாகத்தான் இருக்கும். நாலடி தள்ளி நின்றால் அம்மைத் தழும்பு மாதிரி ஆகிவிடும். ஒவ்வொரு சுருளும் "என்னைப் பார்" என்று நிற்கும், முகம் பின்னால் போய்விடும்.

தோலுக்கு வளைந்த பட்டைகளே போதும். அவை எந்தத் திசையில் ஓட வேண்டும் என்பதற்கு எனக்கு ஒரு வழி இருக்கிறது. குளிக்கும்போது முகத்துக்கு மஞ்சள் பூசினால் கை எப்படிப் போகும்? நெற்றியில் குறுக்காக, மூக்கில் மேலிருந்து கீழாக, கன்னத்தில் மூக்கோரத்திலிருந்து வட்டமாகக் காதுப் பக்கம், தாடையில் சுற்றிக்கொண்டு. கை போகும் அதே வழியில் ஸ்ட்ரிப்பும் போகட்டும். முகத்தின் மேடு பள்ளம் தானாக வரும். தாடை ஓரக் கோட்டுக்கு இணையாக வெங்காயத் தோல் போல உள்நோக்கி ஒட்டிக்கொண்டே வந்தால் முகம் தட்டையாகிவிடும். புதிதாகச் செய்கிறவர்கள் பெரும்பாலும் செய்வது இதுதான்.

சுருளுக்கு மற்ற இடங்கள் இருக்கின்றன. பொட்டுக்கும் மூக்குத்திக்கும் இறுக்கிச் சுற்றிய டைட் காயில். காதோரம் தெரியும் கதம்பத்துக்கு ஆரஞ்சில் ஒரு முனை மட்டும் கிள்ளிய சின்ன டியர்டிராப்கள் கனகாம்பரமாக, பச்சையில் இரண்டு முனையும் கிள்ளிய கண் வடிவம் மரிக்கொழுந்தாக. தலைமுடிக்கு நீளமான எஸ் வளைவுகள். அப்பாயியின் நரைக்கு வெள்ளை, சாம்பல், கறுப்பு மூன்றும் மாற்றி மாற்றி, நெற்றிப் பக்கம் வெள்ளை அதிகம், பின்னால் போகப் போகக் கறுப்பு அதிகம். முழுக்க வெள்ளையாக வைத்தால் பஞ்சு ஒட்டியது போல் இருக்கும்.

அவர் கட்டியிருந்தது கட்டம் போட்ட கூறைநாட்டுப் புடவை. நிறுத்திய இரண்டு ஸ்ட்ரிப் ஒன்றையொன்று குறுக்கே தாண்ட முடியாது. நீளவாக்குப் பட்டைகளை முழுசாக ஒட்டி, குறுக்குப் பட்டைகளைத் துண்டு துண்டாக வெட்டி இடையில் செருக வேண்டும். அரை நாள் தின்ற வேலை. புடவையைப் படம் எடுக்கும்போதே சொல்லி மாற்றியிருக்கலாம்!

கண் எப்ப செய்தாலும் முழிச்சுப் பார்க்கிற மாதிரியே வருது. அதை எப்படி சரி பண்றது?

கருவிழியை முழு வட்டமாக வைக்கிறீர்கள். சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதரின் கருவிழியில் மேல்பகுதியை இமை மூடியிருக்கும். முழு வட்டமும் தெரிந்தால் அது பயந்த முகம்.

அப்பாயி கண்ணுக்கு என் கணக்கு இது. கண்ணின் நீளம் 2.8 செ.மீ., கருவிழி 11 மி.மீ. 13 செ.மீ. கறுப்பு ஸ்ட்ரிப்பை இறுக்கிச் சுற்றினால் சுமார் 5 மி.மீ. பாப்பா வரும். அதன் முனையில் 50 செ.மீ. காபி நிறத்தை ஒட்டித் தொடர்ந்து சுற்றினால் சுமார் 11 மி.மீ. ஆகும். காகிதம் தடிமனாக இருந்தால் குறைவாகவே போதும், அளந்துகொண்டே சுற்றுங்கள். காபி நிறத்தின் வெளிச் சுற்றுகளைச் சற்றுத் தளர்த்திச் சுற்றி, மேல்பக்கத்தை ஸ்கேலில் அழுத்தித் தட்டையாக்கி, அந்த நேர்ப்பக்கத்தை இமைக்கு அடியில் செருகுங்கள். முழுக்க இறுக்கிய சுருளைக் கட்டரால் வெட்டப் பார்க்காதீர்கள், பிரிந்து கைக்கு வந்துவிடும்.

கண்ணில் உயிர் வருவது அந்த வெள்ளைப் புள்ளியால்தான். மூன்று செ.மீ. வெள்ளை ஸ்ட்ரிப்பை 1.5 மி.மீ. அகலத்துக்குச் சீவி, இறுக்கிச் சுற்றினால் குண்டூசித் தலை மாதிரி வரும். இரண்டு கண்ணிலும் ஒரே பக்கம், வெளிச்சம் வந்த பக்கம் வையுங்கள். ஒரு கண்ணில் இடது, மறு கண்ணில் வலது என்று வைத்தால் மாறுகண் ஆகிவிடும்.

விழி வெள்ளைக்குப் பளிச்சென்ற வெள்ளை வேண்டாம். வயதானவர்களுக்கு வெளிர் சாம்பல், அல்லது பாலில் டிகாக்‌ஷன் ஒரு சொட்டு விட்ட நிறம்.

எதை முதலில் ஒட்டணும், எதைக் கடைசியில்?

சிலைக்குக் கண் திறப்பது கடைசியில்தான், சுவாமிமலை ஸ்தபதிகளைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். க்வில்லிங்கில் நேர் எதிர், கண்ணில்தான் ஆரம்பிக்க வேண்டும். காரணம் வேறொன்றுமில்லை. கன்னத்தை முதலில் நிரப்பினால் ஒவ்வொரு ஸ்ட்ரிப்பும் அரை மி.மீ. நகர்ந்து, கடைசியில் கண்ணுக்கு விட்ட பள்ளம் சுருங்கிப் போயிருக்கும். கண் நின்றுவிட்டால் மற்றதெல்லாம் அதை அளவாக வைத்து வரும்.

அதற்கு முன் உயரத்தை முடிவு செய்துகொள்ளுங்கள். எனக்கு இரண்டே அகலம்: 3 மி.மீ., 5 மி.மீ. முகத்தின் தோல், இமை, முடி எல்லாம் 5. கருவிழி, விழி வெள்ளை, கழுத்து, காது, தோள் எல்லாம் 3. விளிம்பில் நிற்கும்போது அகலம்தான் உயரம். கருவிழி இமையைவிட 2 மி.மீ. தாழ்ந்து உட்காரும்போது கண்குழி உண்மையாகவே ஆழமாகும். தாடை கழுத்தைவிட 2 மி.மீ. உயர்ந்து நிற்கும்போது அதன் நிழல் தானாகவே கழுத்தில் விழும். நிறத்தால் நீங்கள் செய்ய வேண்டிய பாதி வேலையை உயரமே செய்துவிடும்.

அப்பாயி படத்தில் போன வரிசை இது. அடி அட்டைகள் ஒட்டி ஒரு இரவு கனமான புத்தகங்களுக்கு அடியில். பிறகு இரண்டு கண், இமைக் கோடுகள், புருவம். அடுத்து மூக்குத் துவாரமும் மூக்கடி நிழலும், உதடுகள் சேரும் கோடும். இத்தனைக்கே முகம் அடையாளம் தெரிய வேண்டும். தெரியவில்லையென்றால் நிறுத்துங்கள், மேலே போனால் சரியாகாது. எனக்கு இந்த இடத்தில் மூக்கு ஒன்றரை மி.மீ. கீழே இறங்கியிருந்தது. பசை காயுமுன் பிளேடால் நெம்பி எடுத்து ஏற்றினேன்.

அதன்பின் மூக்கை நிரப்பி, உதடு, நிழல் பக்கக் கன்னம், வெளிச்சப் பக்கக் கன்னம், நெற்றி, தாடை என்று நடுவிலிருந்து ஓரத்துக்குப் போங்கள். ஒவ்வொரு இடத்திலும் அடர்ந்த நிறம் முதலில், வெளிர் நிறம் பின்னால். வெளிர் நிறம் வரும் இடத்தில் ஒன்றரை மி.மீ. இடைவெளி விட்டுவைத்தால், பிறகு தள்ளி நின்று பார்த்து, குறைவென்று தோன்றினால் சந்தனத் துண்டு ஒன்றைச் செருகலாம். செருகுவது சுலபம், காய்ந்த ஒன்றைப் பிடுங்குவது பக்கத்திலிருப்பவற்றையும் கூட்டிக்கொண்டு வரும்.

கழுத்தும் காதும் முகம் முடிந்தபிறகு. பிறகு தலைமுடி, புடவை. பூ, தோடு, மூக்குத்தி, பொட்டு நாலும் கடைசி. பொட்டுக்கு இடம் விடத் தேவையில்லை, நெற்றிப் பட்டைகளின் விளிம்பின் மேலேயே உட்காரவைக்கலாம்.

இரண்டு நிறம் சேரும் இடத்தில் வரப்பு மாதிரி கோடு தெரியுதே?

எல்லையில் கலந்துவிடுங்கள். செங்கல்லை 3, சாக்லேட்டை 2 என்று வைத்து எண்ணால் சொல்கிறேன்: 3, 3, 3, 2, 3, 2, 2. செங்கல் முடியுமுன் ஒரு சாக்லேட், சாக்லேட் தொடங்கியபின் ஒரு செங்கல். நாலடியில் கண் இரண்டையும் சேர்த்துக்கொள்ளும். பட்டைகளின் முனைகளையும் ஒரே கோட்டில் முடிக்காமல் ஒன்று நீளம் ஒன்று குட்டை என்று விடுங்கள். ஆனால் எல்லா எல்லையையும் கரைக்கக் கூடாது. மூக்கின் நிழல் ஓரமும் தாடை ஓரமும் கத்தி போல் இருக்கட்டும்.

சுருக்கத்துக்கு கறுப்புக் கோடு வைக்கலாமா?

வைத்தால் வெட்டுக்காயம். பக்கத்து நிறத்தைவிட ஒரே ஒரு படி அடர்ந்த துண்டை இரண்டு மூன்று இடத்தில் விட்டுவிட்டு வையுங்கள். சில சுருக்கங்களுக்கு நான் ஸ்ட்ரிப்பே வைக்கவில்லை, இரண்டு மி.மீ. இடுக்கை மட்டும் விட்டேன். அடி அட்டையின் நிறமே சுருக்கமானது.

வெற்றிலை போட்ட உதட்டுக்கு எந்தச் சிவப்பு?

பூச்சிவப்பு வேண்டாம், லிப்ஸ்டிக் ஆகிவிடும். நான் அரக்கும் செங்கல்லும் மாற்றி மாற்றி வைத்து, உதடுகள் சேரும் இடத்தில் மட்டும் காபி நிறம் கொடுத்தேன். வெற்றிலைக் கறை உதட்டின் உள்பக்கம்தான் ஏறியிருக்கும், வெளி ஓரத்தில் தோல் நிறம்தான். அரக்கை உள்ளேயும் பழுப்பை ஓரத்திலும் வைத்தால், பார்க்கிறவர் கேட்காமலே "வெத்தலை போட்டிருக்காங்க" என்று சொல்வார். எங்கள் தெருவில் சொன்னார்கள்.

ஐப்பசி கார்த்திகையில் ஸ்ட்ரிப்பெல்லாம் தொய்ஞ்சு போகுது. அந்த மாசம் செய்யலாமா?

அடைமழை நாளில் முகம் நிரப்பும் வேலையை நான் எடுப்பதில்லை. காகிதம் ஈரத்தை உறிஞ்சி நீளும், நேராக ஒட்டியது மறுநாள் காலை அலை அலையாக நிற்கும். லூஸ் காயில் கிள்ளிய முனை மழுங்கும். சோதித்துப் பார்ப்பது சுலபம்: ஒரு ஸ்ட்ரிப்பை முனையில் பிடித்துக் கிடைமட்டமாக நீட்டுங்கள். வெயில் நாளில் விறைப்பாக நிற்கும் நீளம் மழை நாளில் தொங்கினால், அன்றைக்குத் திட்டம் போடும் வேலை, எண் எழுதும் வேலை, கண் சுற்றும் வேலை மட்டும். ஸ்ட்ரிப்புகளை மூடி இறுக்கமான டப்பாவில், மாத்திரை டப்பாக்களில் வரும் சிலிகா ஜெல் பொட்டலம் போட்டு வையுங்கள்.

ஃபெவிகாலைக் குறைவாகத் தொடுங்கள், எந்த மாதமானாலும். மூடியில் ஒரு சொட்டு எடுத்து, ஸ்ட்ரிப்பின் அடி விளிம்பை அதில் இழுத்தெடுத்தால் போதும். பசை பிதுங்கினால் காய்ந்தபின் பளபளப்பாகத் தெரியும், அடர்பழுப்பில் இன்னும் நன்றாகத் தெரியும்.

சரியா வருதான்னு நடுவுல எப்படித் தெரிஞ்சுக்கிறது?

குனிந்து ஒட்டும் தூரத்திலிருந்து தெரியாது. தினமும் வேலை முடிந்ததும் போர்டைக் கூடத்தில் சாய்த்துவைத்து, கொல்லைவாசலிலிருந்து பார்ப்பேன். போனில் கறுப்பு வெள்ளையில் எடுத்து, Posterize செய்த படத்துக்குப் பக்கத்தில் வைத்து, இரண்டையும் தலைகீழாகத் திருப்பிப் பார்ப்பேன். தலைகீழாக இருக்கும்போது அது அப்பாயி இல்லை, வெறும் திட்டுகள். எந்தத் திட்டு பெரிதாகிவிட்டது என்று உடனே தெரியும்.

ஃபிரேம் போட்டதும் மூஞ்சி மாறிடுச்சே அக்கா?

இரண்டு காரணம் இருக்கலாம். கண்ணாடி ஸ்ட்ரிப்பை அழுத்தியிருக்கும். பெட்டி போன்ற ஆழ ஃபிரேம் கேளுங்கள், படத்தின் மிக உயர்ந்த இடத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஒரு செ.மீ. இருக்கட்டும். அல்லது வெளிச்சம் எதிர்ப்பக்கம் விழுகிறது. போட்டோவில் இடது பக்கம் பிரகாசமாக இருந்து, நீங்கள் மாட்டிய சுவரில் ஜன்னல் வலது பக்கம் இருந்தால், காகிதத்தின் நிழலும் நீங்கள் ஒட்டிய நிழலும் ஒன்றோடொன்று சண்டை போடும். நேர் வெயில் படும் சுவரும் வேண்டாம், சிவப்பும் ஆரஞ்சும்தான் முதலில் வெளுக்கும்.

அப்பாயி படத்தை முதலில் சாமி அறைப் பக்கம் மாட்டி, மூக்கே காணாமல் போனது. எதிர்ச் சுவருக்கு மாற்றிய பிறகுதான் வந்தது. அவர் அதைப் பார்த்துவிட்டுக் கேட்டது ஒன்றுதான்: "எடது பக்கத்து மூக்குத்தி சின்னதா இருக்கே, கல்லு விழுந்துருச்சா?"